‘மூணு வருஷமா’வுக்குள் ஒளிந்திருக்கும் ‘ஹாவ் பீன்’

ஒரு தொலைபேசி நேர்காணல். எதிர்முனையில் கேட்டார்: “ஹவ் லாங் ஹாவ் யு பீன் வொர்க்கிங் தேர்?” நான் தெம்பாகச் சொன்னேன்: “ஐ வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்.” உடனே அடுத்த கேள்வி, ஏன் அந்த வேலையை விட்டீர்கள் என்று. நான் எங்கே விட்டேன்? அன்று காலை வரை அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்!

ஃபார் சரியாகத்தான் போட்டிருந்தேன். தப்பு வேறு இடத்தில் இருந்தது. அது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

சின்ஸ் என்றால் தொடங்கிய புள்ளி, ஃபார் என்றால் கால அளவு. இந்த விதியை நம் எல்லோருக்கும் தலையில் அடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், தமிழ் பேசுகிறவருக்கு இதைத் தனியாகச் சொல்லவே வேண்டாம். நம் மொழியிலேயே இருக்கிறது. ‘காலையிலிருந்து’, ‘திங்கட்கிழமையிலிருந்து’, ‘சேர்ந்ததிலிருந்து’ என்று ‘இருந்து’ வந்தால் சின்ஸ். ‘ரெண்டு மணி நேரமா’, ‘மூணு வருஷமா’ என்று ‘ஆக’ வந்தால் ஃபார். காலையாக என்று யாரும் சொல்வதில்லையே.

கொஞ்சம் வழுக்குகிற இடம் ‘லாஸ்ட்’ என்ற சொல்தான். “சின்ஸ் லாஸ்ட் வீக்” சரி, “ஃபார் த லாஸ்ட் வீக்” என்பதும் சரி. ஆனால் “சின்ஸ் லாஸ்ட் த்ரீ வீக்ஸ்” தப்பு. தமிழில் வைத்துப் பாருங்கள்: போன வாரத்திலிருந்து, கடந்த ஒரு வாரமாக, கடந்த மூன்று வாரமாக. எண்ணிக்கை வந்ததுமே ‘ஆக’ ஒட்டிக்கொள்கிறது பாருங்கள். அங்கே ஃபார்.

சரி, அப்புறம் எங்கேதான் கோட்டை விடுகிறோம்? வினைச்சொல்லில். இந்த இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்:

மூணு வருஷம் வேலை செஞ்சேன்.
மூணு வருஷமா வேலை செய்றேன்.

முதலாவதில் வேலை முடிந்துவிட்டது. இரண்டாவதில் இன்னும் நடக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்குமே “ஃபார் த்ரீ இயர்ஸ்”தான். ஆக, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற சேதியை ஃபார் சுமப்பதில்லை. “ஹாவ் பீன் வொர்க்கிங்” சுமக்கிறது. நமக்கு அந்தச் சேதி ‘ஆக’விலும் ‘செய்றேன்’ என்ற நிகழ்காலத்திலும் இருப்பதால், அப்படியே “ஐ ஆம் வொர்க்கிங் ஃபார் த்ரீ இயர்ஸ்” என்று வந்துவிடுகிறது. ‘ஆக’ போட்டு நிகழ்காலத்தில் சொல்கிற வாக்கியமா, ஆங்கிலத்தில் ‘ஆம்’ வராது, ‘ஹாவ் பீன்’தான் வரும். சின்ஸுக்கும் இதே கதைதான்: “ஐ ஹாவ் பீன் வெயிட்டிங் சின்ஸ் மார்னிங்.” சின்ஸுக்குப் பின்னால் ஒரு நிகழ்ச்சி வந்தால் அதை மட்டும் இறந்தகாலத்தில் சொல்ல வேண்டும்: “சின்ஸ் ஐ ஜாயின்ட்.” ‘சேர்ந்ததிலிருந்து’ என்பதிலும் இறந்தகாலம்தானே இருக்கிறது.

‘தெரியும்’ என்று அர்த்தம் தரும் ‘நோ’ மாதிரி சில வினைகளுக்கு ‘இங்’ ஒட்டாது. பத்து வருஷமா அவரைத் தெரியும் என்றால் “ஐ ஹாவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்”, அவ்வளவுதான்.

இப்போது கேள்வி. ‘எவ்வளவு நாளா?’ என்பதை “சின்ஸ் ஹவ் மெனி டேஸ்”, “ஃப்ரம் ஹவ் மெனி டேஸ்” என்றெல்லாம் கேட்கிறோம். ஹவ் லாங் என்று தொடங்கினால் போதும், முன்னால் எதுவும் ஒட்ட வேண்டாம். பதில் சின்ஸிலும் வரலாம், ஃபாரிலும் வரலாம். கேட்பவர் அதை முடிவு செய்வதில்லை. ஆனால் இங்கேயும் வினைச்சொல் காலை வாரும். “ஹவ் லாங் ஹாவ் யு பீன் ஹியர்?” என்றால் வந்து எத்தனை நாளாச்சு என்று அர்த்தம். “ஹவ் லாங் ஆர் யு ஹியர்?” என்று கேட்டால், இன்னும் எத்தனை நாள் இருப்பீர்கள் என்பதாகத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். “டில் ஃப்ரைடே” என்று பதில் வரும். போன திங்கட்கிழமை வந்தேன் என்ற பதிலுக்காகக் காத்திருந்த நீங்கள் விழிப்பீர்கள். விருந்தாளியாக வந்தவரிடம் இப்படிக் கேட்டால், எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்டது போலவும் ஆகிவிடும்.

“சின்ஸ் வென்” என்றும் ஒரு கேள்வி இருக்கிறது, தப்பில்லை. ஆனால் குரலைப் பொறுத்து அதில் ஒரு குத்தல் வந்துவிடும். ‘எப்போலேர்ந்து நீ இவ்வளவு நல்லவனான?’ என்று நாம் கேட்போமே, அதே தொனி. மேலதிகாரியிடம் கேட்பதற்கு ஹவ் லாங்தான் பத்திரம்.