ராணித் தேனீயின் ஆயுள் புட்டியில் வராது

ஞாயிற்றுக்கிழமை உச்சிப்புளிக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். தேன் வாங்க வந்தவர்களிடம் ராயல் ஜெல்லிப் புட்டிகளை நீட்டி, சர்க்கரை நோய், மூட்டுவலி, குழந்தைகளின் மூச்சிழுப்பு எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து என்றார்கள். எழுந்து மறுத்த என்னிடம், "தம்பி, பொறாமையில் பேசாதே" என்றார் ஒரு பெரியவர். தென்னந்தோப்பில் பெட்டி வைத்துத் தேனீ வளர்ப்பவன் நான். தேனீயின் பெயரால் பொய் சொல்லப்படும்போது வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

அவர்களுடைய வாதம் ஒன்றுதான். வேலைக்காரத் தேனீ சுறுசுறுப்பான பருவத்தில் ஏறத்தாழ ஆறு வாரம் வாழ்கிறது, ராணி இரண்டு மூன்று ஆண்டுகள் வாழ்கிறது, ராணியின் உணவு ராயல் ஜெல்லி, ஆகவே அதை உண்டால் நமக்கும் ஆயுள் நீளும் என்கிறார்கள். முதல் மூன்றும் சரி. நான்காவது அவற்றிலிருந்து வருவதே இல்லை.

அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலையைப் போலத் தலைகீழாகத் தொங்கும் ராணி அறையைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெள்ளையான, கெட்டியான, நாக்கில் வைத்தால் புளித்துச் சுள்ளென்று பிடிக்கும் கூழின்மேல் ஒரு சின்னப் புழு மிதக்கும். அந்தக் கூழ்தான் ராயல் ஜெல்லி. அதை இளம் செவிலித் தேனீக்கள் தம் தலையிலுள்ள சுரப்பிகளிலிருந்து சுரக்கின்றன. வேலைக்காரத் தேனீயாகப் போகும் புழுவுக்கும் முதல் மூன்று நாள் அதே வகைக் கூழ்தான். பிறகு தேனும் மகரந்தமும் கலந்த உணவுக்கு மாற்றிவிடுகின்றன. ராணிக்கு மட்டும் கடைசிவரை கூழே கிடைக்கிறது. புழு ராணியாகும் இந்த மாற்றம் புழுப் பருவத்தில், அந்த உடலுக்குள் மட்டுமே நடக்கிறது. வளர்ந்துவிட்ட தேனீயை அது ராணியாக்காது. அதைச் சுரக்கும் செவிலித் தேனீயே ஆறு வாரத்தில் செத்துப்போகிறது. அதன் உடலுக்குச் செய்யாததை நம் உடலுக்கு எப்படிச் செய்யும்? நாம் உண்டால், அதிலுள்ள புரதம் மற்ற எந்தப் புரதத்தையும் போல வயிற்றில் செரிந்துவிடும்.

"ஆராய்ச்சிகள் இருக்கின்றன" என்பீர்கள். இருக்கின்றன. தேனீ மரப்பிசினிலிருந்து செய்யும் புரோபோலிஸ் ஆய்வுக்கூடத்தில் சில கிருமிகளைத் தடுக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடித் தட்டில் நடப்பது நோயாளியின் உடலிலும் நடக்கும் என்பதற்கு அது சான்றாகாது. ராயல் ஜெல்லிக்காகச் சொல்லப்பட்ட பல உடல்நலப் பலன்களை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆராய்ந்து, அவை நிறுவப்படவில்லை என்று 2011இல் அறிவித்தது.

கூட்டத்தில் "நம் நாட்டுத் தேனீயின் புரோபோலிஸ்" என்றும் ஒன்றை விற்றார்கள். மரப்பிசினைச் சேகரித்து மெழுகோடு கலந்து கூட்டின் இடுக்குகளை அடைப்பது இத்தாலியத் தேனீயின் பழக்கம். கொசுத்தேனீயும் பிசினை நிறையச் சேர்க்கும். நாம் பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீ பொதுவாகப் பிசின் சேர்ப்பதே இல்லை. அது எந்தப் பெட்டியில் எடுத்தது என்று கேட்டேன், பதில் வரவில்லை. ராயல் ஜெல்லிக் கணக்கும் அப்படித்தான். இத்தாலியத் தேனீயின் ஓர் ராணி அறையில் மூன்றாம் நாள் கிடைப்பது 200 முதல் 300 மில்லிகிராம். 20 கிராம் புட்டிக்கு ஏறக்குறைய 80 அறைகளில் புழுவை எடுத்தெறிந்துவிட்டு வழிக்க வேண்டும். சில பெட்டிகள் வைத்திருப்பவர் கூட்டம் கூட்டமாக மக்களுக்கு விற்க அது எங்கிருந்து கிடைக்கும்?

மகரந்தம் பரவாயில்லை, அது உணவு. கூட்டின் வாயிலில் வைத்த சல்லடை, தேனீயின் பின்கால் உருண்டைகளைத் தட்டி விழச் செய்கிறது. ஆனால் அதைத் தேனீ உண்டாக்குவதில்லை. பூவிலிருந்து எடுத்து, வயிற்றுத் தேனால் பிசைந்து கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

"நல்லது செய்யாவிட்டால் போகட்டும், கெடுதல் என்ன?" என்று கேட்டார்கள். என் அக்கா மகளுக்கு இழுப்பு உண்டு. அக்காவின் கையிலும் அந்தப் புட்டியைத் திணித்தார்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ராயல் ஜெல்லி கடும் மூச்சுத்திணறலை உண்டாக்கியிருக்கிறது, உயிரும் போயிருக்கிறது. ஆஸ்திரேலியாவில், ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் உள்ளவர்களுக்கு இது ஆபத்து என்ற எச்சரிக்கையைப் புட்டியிலேயே அச்சிட வேண்டும் என்பது சட்டம். இங்கே அதையே இழுப்புக்கு மருந்து என்று விற்கிறார்கள். இதைச் சொன்னதற்குப் பெயர் பொறாமையா? எனக்குத் தேன் விற்காமல் போனாலும் பரவாயில்லை.

அன்று வாங்கியவர்கள் வீட்டில் இழுப்போ மகரந்த ஒவ்வாமையோ உள்ளவர் யாராவது இருந்தால், தயவுசெய்து புட்டியைத் திறக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டு, உதடு வீங்கினாலோ தடிப்பு வந்தாலோ மூச்சு இரைத்தாலோ, எனக்குப் பின்னூட்டம் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். புட்டியையும் கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.