ஸ்கின் டெஸ்ட்ல வரலைன்னா சல்ஃபைட் பிரச்சனை இல்லைனு ஆகாது

ஒயின், உலர் பழம் கெடாம இருக்க சல்ஃபைட் சேப்பாங்க. "சல்ஃபைட் அலர்ஜி இருக்கான்னு ஸ்கின் டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடும்"னு சொல்றாங்க, அங்கதான் இடிக்குது, ஏன்னா முக்காவாசி பேருக்கு இது வழக்கமான அலர்ஜியே கிடையாது, புளிப்பான ஒயின்லயும் வாயில மெல்லுற உலர் பழத்துலயும் இருக்குற சல்ஃபைட்ல இருந்து சல்ஃபர் டைஆக்சைடு வாயுவா கிளம்பும், அதை நாம மூச்சோட இழுக்குறோம், ஏற்கனவே எரிச்சல்ல இருக்குற மூச்சுக்குழாய் உடனே சுருங்கிடும், அதனால ஊசி குத்தி பாத்தா பெரும்பாலும் ஒண்ணும் காட்டாது. ஏற்காட்டுல இருக்குற எங்க மச்சானுக்கு ஆஸ்துமா, வீசிங் வந்தா எல்லாரும் பனியைத்தான் திட்டுவோம். ஒருதடவை சேலத்துல இருந்து வாங்கிட்டு போன பளபளன்னு ஆரஞ்சு கலர் உலர் ஆப்ரிகாட் பாக்கெட்டை பிரிச்சதுமே தீக்குச்சி கிழிச்ச வாசம், ரெண்டு தின்னு அஞ்சு நிமிஷத்துல இருமல், நெஞ்சு இறுக்கம், இன்ஹேலர் அடிச்சப்புறம்தான் அடங்குச்சு. பாக்கெட் பின்னாடி பாத்தா 220னு போட்டிருந்தது, அதான் சல்ஃபர் டைஆக்சைடு (220ல இருந்து 228 வரை இந்த குடும்பம்தான்). சல்ஃபர் போடாத ஆப்ரிகாட் பழுப்பா அசிங்கமா இருக்கும், அது அவருக்கு ஒண்ணும் பண்ணல, கருப்பு உலர் திராட்சையும் அப்படித்தான், மஞ்சள் உலர் திராட்சைதான் ஆகல. ரெட் ஒயின்தான் மோசம்னு சிலர் சொல்லுவாங்க, ஆனா பொதுவா ஒயிட்லதான் சல்ஃபைட் ஜாஸ்தி சேப்பாங்க. அதுக்காக ஆஸ்துமா இருக்குற எல்லாரும் பயப்பட வேணாம், கொஞ்சம் பேருக்குத்தான் இப்படி ஆகும், அதுலயும் ஆஸ்துமா கட்டுக்குள்ள இல்லாதவங்களுக்குத்தான் அதிகம், ஆனா வீட்லயே தின்னு டெஸ்ட் பண்ணி பாக்காதீங்க, அதை டாக்டர் முன்னாடிதான் பண்ணணும்.