ஸ்பெல் வந்த பிள்ளைக்கு "கொஞ்சம் தேறட்டும்" என்று சொல்லாதீர்கள்

எங்கள் தோட்டங்களில் ஒரு பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை என்று தெரிந்துவிட்டால், லயமே சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "பிள்ளை கொஞ்சம் தேறட்டும், அப்புறம் ஒப்பரேசன் செய்துகொள்ளலாம்." சின்ன ஓட்டைகளுக்கு அது சரி, பல தானாகவே மூடிக்கொள்ளும். டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்ற பிறவி இதய நோய் உள்ள பிள்ளை திடீரென்று உதடு கறுத்து, வேகமாக மூச்சு வாங்கித் துவண்டுபோவதைத்தான் ஸ்பெல் என்கிறோம். ஒரு தடவை அது வந்த பிறகும் அதே வார்த்தையைச் சொல்வது ஆபத்து. பிள்ளைகள் வார்டில் வேலை பார்க்கும் தாதியாக இதை எழுதுகிறேன்.

இந்த நோயில் நான்கு குறைகள் என்பார்கள், ஆனால் மூலம் ஒன்றுதான். இதயத்திலிருந்து வெளியேறும் இரண்டு பெரிய குழாய்களின் வழிகளைப் பிரிக்கும் சுவர் கருவிலேயே முன்பக்கம் தள்ளி அமைந்துவிடுகிறது. அதனால் நுரையீரலுக்குப் போகும் வழி ஒடுங்குகிறது. அந்தச் சுவர் வந்து சேர வேண்டிய இடத்தில் பெரிய ஓட்டை விழுகிறது, பெருநாடி அந்த ஓட்டைக்கு மேலே உட்கார்ந்துகொள்கிறது. ஒடுங்கிய வழியில் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி வலது கீழறையின் தசை தடிக்கிறது. ஓட்டை பெரிதாக இருப்பதால் இரண்டு கீழறைகளிலும் அழுத்தம் ஒன்றுதான். எந்தப் பக்கம் தடை குறைவோ அந்தப் பக்கம் இரத்தம் போகும்.

ஸ்பெல் வருவதும் இதனால்தான். காலையில் எழுந்து அழும்போதோ, பால் குடிக்கும்போதோ, முக்கி மலம் போகும்போதோ நுரையீரல் வழி இன்னும் இறுகலாம். சுடுதண்ணீர்க் குளிப்பில் உடம்பின் இரத்தக் குழாய்கள் தளர்ந்தாலும் போதும். ஒட்சிசன் குறைந்த இரத்தம் நுரையீரலை விட்டுவிட்டு நேரே பெருநாடிக்குள் போகிறது. பிள்ளை ஆழமாக, வேகமாக மூச்சு வாங்குகிறது. அந்த மூச்சே இன்னும் அதிக கறுத்த இரத்தத்தை இதயத்துக்கு இழுத்து வருவதால் நிலைமை மோசமாகிக்கொண்டே போகும்.

ஐந்து மாதப் பையன் ஒருவன் எங்கள் வார்டுக்கு வந்தான். சாதாரணமாகப் பார்த்தால் உதட்டில் நீலமே தெரியாது. ஒரு வயதானதும் ஒப்பரேசன் என்று ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்கள். காலையில் குளிப்பாட்டிய பிறகு வீறிட்டு அழுது, உதடு கறுத்து, துவண்டு போயிருக்கிறான். வலிப்பு என்று நினைத்து அம்மாயி முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார். கிளினிக்கில் தாய் "ரொம்ப அழுதான்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். யாரும் மேலே கேட்கவில்லை.

வார்டில் இரத்தம் எடுக்கும்போது எங்கள் கண் முன்னாலேயே வந்தது. ஒட்சிசன் அளவு 84 வீதத்திலிருந்து ஐம்பதுக்குக் கீழே இறங்கியது. டொக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்தபோது, முன்பு பலமாகக் கேட்ட இரைச்சல் ஏறக்குறைய இல்லை. அந்த ஒடுங்கிய வழியில் இரத்தம் போவதே குறைந்துவிட்டது என்று அர்த்தம். ஊசியை நிறுத்தினோம். "தங்கச்சி, தூக்கித் தோளில் போடு" என்று தாயிடம் கொடுத்து, அவன் முழங்கால்கள் இரண்டையும் நெஞ்சோடு மடக்கிப் பிடிக்கவைத்தோம். கால் மடங்கினால் உடம்புப் பக்கம் தடை கூடும், இரத்தம் நுரையீரல் பக்கம் திரும்பும். ஒட்சிசனை முகத்தில் அழுத்தாமல் பக்கத்தில் பிடித்தோம், அழுகை கூடினால் ஸ்பெல்லும் கூடும். அப்புறம் மோர்ஃபின், சேலைன். அளவு மெல்ல ஏறியது.

இன்னொரு விஷயம் அவனுடைய ஹீமோகுளோபின். 10.5 இருந்தது. "அவ்வளவு மோசமில்லையே" என்று தோன்றும். ஆனால் ஒட்சிசன் குறைவாக உள்ள பிள்ளைக்கு அது கூடுதலாக இருக்க வேண்டும். அவனுக்கு 10.5 என்றால் இரத்தசோகை. இரத்தசோகை ஸ்பெல்லைத் தூண்டும், அதோடு நீலத்தையும் மறைத்துவிடும். இரும்புச்சத்துக் குறைவு சாதாரணமாகிப்போன எங்கள் தோட்டங்களில் "நீலமாகவே இல்லையே" என்ற பேச்சை நான் நம்புவதில்லை.

ஸ்பெல் வராத பிள்ளைக்கும் பல இடங்களில் முதல் வயதுக்குள்ளேயே முழு ஒப்பரேசனைச் செய்துவிடுகிறார்கள். ஸ்பெல் வந்துவிட்டால் பழைய திகதி செல்லாது. தினம் கொடுக்கும் புரொப்ரனலோல் அடுத்த ஸ்பெல்லைத் தள்ளிப்போட உதவும், ஒடுக்கத்தை அகற்றாது. பிள்ளை மிகவும் சின்னதாகவோ நுரையீரல் நாடிகள் மெல்லியதாகவோ இருந்தால், முதலில் கை நாடியிலிருந்து நுரையீரல் நாடிக்கு ஒரு சிறு குழாய் வைத்து ஒட்சிசனை ஏற்றிவிட்டு, முழுத் திருத்தத்தைப் பிறகு செய்யலாம். ஆகவே எடை குறைவு என்பதும் சும்மா காத்திருக்கக் காரணமில்லை.

இந்தப் பையனைக் கொழும்புக்கு மாற்றினோம். ஏழாம் மாதத்தில் ஓட்டையை மூடி, தடித்த தசையை வெட்டி வழியை அகலமாக்கினார்கள். ஸ்பெல் நின்றுவிட்டது. ஆனால் அகலமாக்கிய இடத்து வால்வு கசியும், அதனால் ஆயுள் முழுக்க எக்கோ பார்க்க வேண்டும்.

வீட்டில் இப்படி நடந்தால் முதலில் காலை மடக்கித் தூக்குங்கள். முடிந்தால் இன்னொருவர் போனில் அரை நிமிட வீடியோ எடுக்கட்டும். பிள்ளை தெளிந்து சிரித்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "அழுதான்" என்று சொல்லாதீர்கள். "உதடு கறுத்தது, வேகமாக மூச்சு வாங்கினான், துவண்டான்" என்று சொல்லி, ஒப்பரேசன் திகதியை முன்னுக்குக் கொண்டுவர முடியுமா என்று நேராகக் கேளுங்கள்.