எத்தனை பேருக்குச் சாப்பாடு, எவ்வளவு கடன்

களுவாஞ்சிக்குடியில் என் அக்காவின் மகளுக்குக் கல்யாணம் முற்றான அன்றிரவு, ஆறு இலட்சத்து எண்பதாயிரம் ரூபாய் குறைகிறது, எங்கே கடன் எடுக்கலாம் என்று அக்காவும் மச்சானும் என்னிடம் கேட்டார்கள். நான் முதலில் அழைப்பிதழ் எழுதும் கொப்பியைத்தான் வாங்கிப் பார்த்தேன். அதில் 600 பேர் இருந்தார்கள்.

மண்டபம், மணவறை, கூறைச்சேலை, மேளம், வீடியோ எல்லாம் சேர்த்து எட்டு இலட்சம். யார் வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தொகை பெரிதாக மாறாது. ஆனால் சாப்பாடு, தண்ணீர்ப் போத்தல், தாம்பூலப் பை என ஒருவருக்கு 1,800 ரூபாய் போகிறபடியால், 600 பேருக்குப் பத்து இலட்சத்து எண்பதாயிரம் ஆகிறது. கையிருப்போ பன்னிரண்டு இலட்சம். வீடியோவில் பேரம் பேசி மிச்சம் பிடிப்பதை விட, கொப்பியில் ஒரு பக்கத்தை வெட்டுவதுதான் கடனைக் குறைக்கும்.

இரண்டு இரவுகள் இருந்து, மச்சானின் முகம் சுருங்கச் சுருங்க, 350 பேருக்குக் கொண்டு வந்தோம். சாப்பாட்டுச் செலவு ஆறு இலட்சத்து முப்பதாயிரமாக இறங்கியது. வீடியோவில் ஐம்பதாயிரத்தைக் குறைத்து, கடைசி நேரச் செலவுக்கென ஒரு இலட்சம் ஒதுக்கிய பிறகும், குறை இரண்டு இலட்சத்து எண்பதாயிரம்தான்.

அந்தத் தொகையைத் தாங்க முடியுமா என்பதை மாதத் தவணையிலிருந்து பின்னோக்கிப் பார்த்தோம். வீட்டுச் செலவு போக மாதம் 20,000 ரூபாய் மிஞ்சுகிறது. அதில் பாதியை மட்டுமே தவணைக்கு விட்டோம். மழைக் காலத்தில் மச்சானின் மேசன் வேலை நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். மாதம் 10,000 ரூபாய், மூன்று வருடம், குறைந்து செல்லும் மீதிக்கு வருடத்துக்கு 15 சதவீத வட்டி என்றால், ஏறக்குறைய இரண்டு இலட்சத்து எண்பத்தெட்டாயிரம் வரை எடுக்கலாம். எங்கள் குறை அதற்குள் அடங்கியது. அடங்காதிருந்தால் மீண்டும் கொப்பிக்குத்தான் போயிருப்போம்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அதே 15 சதவீதம் என்று சொல்லி, முழுத் தொகைக்கும் மூன்று வருட வட்டியைக் கூட்டிப் பிரிக்கும் நிலையான வட்டி முறையில் கொடுத்தால், தவணை சுமார் 9,700 ரூபாயிலிருந்து ஏறக்குறைய 11,300 ரூபாயாக ஏறி, முடிவில் ஐம்பத்தாறாயிரம் ரூபாய்க்கு மேல் அதிகமாகக் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே சதவீதத்தைக் கேட்டுத் தலையாட்டாமல், மொத்தமாக எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

கல்யாண வீட்டில் வரும் அன்பளிப்புக் காசை நாங்கள் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. எப்படியும் அது நாளை நாம் பிறர் வீட்டுக்குத் திருப்பிச் செய்ய வேண்டியது. அது கைக்கு வந்தால் கடனின் ஒரு பகுதியை முன்கூட்டியே கட்டுவோம் என்று மட்டும் பேசி, அப்படிக் கட்டினால் தண்டம் அறவிடுவார்களா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே அக்கா கேட்டுக்கொண்டாள்.