பிஎஃப் பணத்தில் பங்குக்கு ஏன் வரம்பு?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். மேடையில் இருந்த முதலீட்டு ஆலோசகர், பிஎஃப் பணத்தில் பங்குச் சந்தைக்குப் போவது 15 சதவீதம் மட்டும்தான் என்றும், அந்த வரம்பு தொழிலாளியின் பையில் அரசு கை வைக்கும் வேலை என்றும் பேசினார். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற நூற்பாலைத் தொழிலாளி ஒருவர் எழுந்து, "சந்தை விழுந்தால் எங்கள் பணம் என்ன ஆகும் தம்பி?" என்று கேட்டார். "பயந்தவனுக்குப் பணம் சேராது அண்ணா" என்று பதில் வந்தது. அரங்கம் சிரித்தது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று நாட்களாக அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. அவர் கேட்டதுதான் இந்த விஷயத்தில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி. சந்தை விழுந்தால் இழப்பு யார் கணக்கில் எழுதப்படும்? இதற்குப் பதில் சொல்லாமல் வரம்பை எடு என்று யாரும் பேசக் கூடாது.

ஆலோசகர் போட்ட கணக்கில் தவறில்லை, அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். கடன் பத்திரம் ஆண்டுக்கு 7 சதவீதமும் பங்கு 12 சதவீதமும் தருவதாக வைத்துக்கொள்வோம். 15 சதவீதம் பங்கில் இருந்தால் மொத்த வருமானம் 7.75 சதவீதம். 35 சதவீதம் இருந்தால் 8.75. ஒரே ஒரு சதவீத வித்தியாசம்தான். ஆனால் ஆண்டுக்கு 60,000 ரூபாய் வீதம் 30 ஆண்டு கட்டியவருக்கு முதல் வழியில் சுமார் 65 லட்சம் சேரும், இரண்டாவது வழியில் சுமார் 78 லட்சம். பதிமூன்று லட்சம் ஒரு தொழிலாளிக்குச் சின்னத் தொகையா? இல்லை. வரம்புக்கு விலை உண்டு. அந்த விலையை நம் ஆட்கள்தான் கொடுக்கிறார்கள்.

பிறகு ஏன் வரம்பு? பிஎஃப் தருகிற வாக்குறுதியின் தன்மை அப்படி. ஒவ்வோர் ஆண்டும் ஒரு வட்டி விகிதம் அறிவிக்கப்படுகிறது, கோடிக்கணக்கான கணக்குகளில் அதே விகிதம் ஏறுகிறது. ஏறிய பணம் ஏறியதுதான், மறுநாள் சந்தை விழுந்தால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. அதே நேரம், ஈட்டிய வருமானத்தை மீறி வட்டி கொடுத்து வட்டிக் கணக்கில் பற்றாக்குறை வைக்கவும் விதி இடம் தருவதில்லை. இரண்டு பக்கமும் கட்டப்பட்ட நிதி இது. நடுவில் பெரிய இழப்பு வந்தால் அதைத் தாங்க ஆள் கிடையாது. விலகிப் போகிறவர் முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு போவார், இழப்பு மீதியிருப்பவர்கள் தலையில் இறங்கும்.

"2020இல் விழுந்த சந்தை அதே ஆண்டு நவம்பரில் பழைய உயரத்துக்கு வந்துவிட்டதே" என்பீர்கள். ஆமாம், வந்தது. அந்த எட்டு மாதம் நான் எங்கே இருந்தேன் என்று சொல்கிறேன். 26 ஆண்டுகள் ஓர் ஆலையின் கணக்குப் பிரிவில் பிஎஃப் படிவம் நிரப்பியவன் நான். அந்த ஆண்டு ஜனவரியில் 12,000க்கு மேல் இருந்த பங்குச் சந்தைக் குறியீடு நிஃப்டி மார்ச் 23 அன்று 7,610இல் முடிந்தது. மறுநாள் ஊரடங்கு அறிவித்தார்கள், ஆலை நின்றது. அந்த வாரமே மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், அல்லது இருப்பில் 75 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதை முன்பணமாக எடுக்கலாம் என்று அரசு அனுமதித்தது. ஏப்ரல் முழுவதும் என் கைபேசி ஓயவில்லை. 36,000 ரூபாய்க்காக யுஏஎன் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கடவுச்சொல் மறந்து தவித்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்குக்கூட ஒரு ரூபாய் குறையவில்லை. பணத்தில் பாதி பங்கில் இருந்து, அன்றைய சந்தை விலைக்கே கணக்குத் தீர்த்திருந்தால், 20 லட்சம் வைத்திருந்தவருக்கு 16 லட்சத்துச் சொச்சம்தான் கிடைத்திருக்கும். நவம்பர் வரை காத்திரு என்று யாரிடம் சொல்வது? அரிசிக்கடைக்காரரிடமா?

இதை ஆலோசகர்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வேலை போகும் நேரமும் சந்தை விழும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. தொழிலாளி பிஎஃப்-ஐத் தேடிப் போவது அப்போதுதான்.

"அப்படியானால் தேசிய ஓய்வூதியத் திட்டமான என்பிஎஸ்-இல் மட்டும் தனியார் ஊழியருக்கு 75 சதவீதம் வரை எப்படி அனுமதித்தார்கள்? 2025 அக்டோபர் முதல் சில திட்டங்களில் 100 சதவீதம்கூட உண்டே?" நல்ல கேள்வி, பதிலும் எளிது. அங்கே ஒவ்வொருவருக்கும் தனி யூனிட், அதற்கு அன்றாட விலை. ஏறினால் உங்களுக்கு, இறங்கினாலும் உங்களுக்கு. இழப்பு யாருடையது என்பது முதல் நாளே தெரியும். பிஎஃப்-இல் யூனிட் கிடையாது. அதனால்தான் வரம்பு.

அரசுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எழுதப்போகிறவர்கள் இதையும் படியுங்கள். என் கோபம் முழுவதும் ஆலோசகர் மீது மட்டும் இல்லை. பிஎஃப்-இல் பங்கு முதலீட்டை 2015 ஆகஸ்டில் 5 சதவீதத்தில் தொடங்கி, 2017-18 முதல் 15 ஆக்கினார்கள். அந்த 15, புதிதாக முதலீடு செய்யும் பணத்தில்தான். பழைய இருப்பையும் சேர்த்துப் பார்த்தால் பங்கின் அளவு பத்தில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கிறது. வாங்குவதும் தனி நிறுவனப் பங்குகளை இல்லை, நிஃப்டி, சென்செக்ஸ் போன்ற குறியீடுகளைப் பின்பற்றும் ஈடிஎஃப் யூனிட்டுகளை. அவற்றின் விலை எவ்வளவு ஏறினாலும், விற்றால்தான் அது வருமானம். விற்காதவரை வட்டி விகிதத்தில் அது சேராது. 2019-20க்கு அறிவித்த 8.5 சதவீத வட்டியை 2020 செப்டம்பரில், கடன் முதலீட்டிலிருந்து 8.15, ஈடிஎஃப் விற்பனையிலிருந்து 0.35 என்று பிரித்துச் சொன்னார்கள். விழுந்த சந்தையில் விற்க முடியாமல், அந்த வட்டி உறுப்பினர் கணக்கில் ஏற 2020இன் கடைசி நாட்கள் ஆயின.

இதற்கு என்ன பொருள்? இன்று ஓய்வு பெறுகிறவர் தன் பணத்தில் வாங்கிய யூனிட்டுகளின் ஏற்றத்தை விட்டுவிட்டுப் போகிறார். அதை நாளை இருப்பவர்கள் பெறுவார்கள். 30 ஆண்டு உழைத்தவரின் லாபம் முகம் தெரியாத ஒருவருக்குப் போகிறது. 10 சதவீதத்தில் இந்த அநியாயம் சிறியது, யார் கண்ணிலும் படாது. 50 சதவீதம் ஆக்கினால் அது எவ்வளவு பெரிதாகும்! வரம்பை உயர்த்து என்பவர்கள் முதலில் தனி யூனிட் கணக்கு கொடு என்று கேட்கட்டும். விருப்பமுள்ள இளைஞர்கள் தங்கள் பணத்தில் ஒரு பகுதியை அதில் வைத்துக்கொள்ளட்டும், ஏற்றமும் இறக்கமும் அவர்களுடையதாகட்டும். 55 வயதுக்காரரின் பணத்தை அதில் கலக்காதீர்கள். இதைச் சொல்லாமல் மேடையில் சதவீதம் பேசுவது எளிது. கேள்வி கேட்டவரைப் பார்த்துச் சிரிப்பது அதைவிட எளிது.

பயந்தவனுக்குப் பணம் சேராதாம். அந்த அண்ணன் 31 ஆண்டு இரவு ஷிப்ட் பார்த்தவர். இரண்டு பெண்களுக்குத் திருமணம் செய்து வைத்தது இந்தப் பிஎஃப் பணத்தில்தான். அவருக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியும், கணக்கும் தெரியும்.

கூட்டம் முடிந்து பஸ் நிறுத்தத்தில் அவரும் நானும் நின்றிருந்தோம். என் கையில் அவருடைய பழைய பாஸ்புக் அச்சுப்பிரதியைக் கொடுத்து, "எட்டு வருஷமாக என் பணத்திலும் பங்கு வாங்கியிருக்கிறார்கள் என்கிறாயே, அது எந்த வரியில் இருக்கிறது?" என்று கேட்டார். தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு, ஓய்வூதியப் பங்களிப்பு, வட்டி. ஈடிஎஃப் என்று ஒரு வரிகூட அதில் கிடையாது. தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.