உறுமல் உண்டு, இழுவை இல்லை

கிச்சன் சிம்னி பெட்டியில, மணிக்கு 1200 கன மீட்டர் காத்தை இழுக்கும்னு கொட்டை எழுத்து. வீட்டுல மிளகாய் தாளிச்சா ஹால் வரைக்கும் தும்மல்! ஓடுற சிம்னியோட பேஃபிள் ஃபில்டர்ல ஒரு துண்டு நியூஸ்பேப்பரை வைங்க. ஒட்டாம விழுதா? அடுப்பை அணைச்சு, ஃபில்டரைக் கழற்றி ஒரு நிமிஷம் ஓடவிடுங்க (கையை உள்ளே விடாதீங்க). இழுவை திரும்புச்சுன்னா எண்ணெய்ப் பிசுக்குதான் வில்லன். வெந்நீர், சோப்புத்தூள், அரை மணி நேர ஊறல். இதுக்குமா முகூர்த்தம் பார்க்கணும்?

அப்பவும் இழுக்கலையா? மேலே பாருங்க. அலுமினியக் குழாயை விறைப்பா இழுக்காம, ஃபால்ஸ் சீலிங்குக்குள்ள மலைப்பாம்பு மாதிரி 15 அடி, மூணு 90 டிகிரி வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் காத்து முட்டி வேகம் இழக்குது, எண்ணெயும் தங்குது. பக்கத்துச் சுவர்ல ஓட்டை போட்டிருந்தா 4 அடியில முடிஞ்சிருக்கும். அழகு கெட்டுடுமாமே! இப்போ சுவரே மஞ்சளா வழியுதே, அது என்ன கோலமா?