ஜன்னல் சட்டத்துக்கு டக்ட் டேப் வேண்டாம்

"டக்ட் டேப் ஒன்று இருந்தால் போதும். பெயின்ட் அடிக்கும்போது ஜன்னல் ஓரத்தை மறைக்கவும் அதுதான். மற்றவை வீண் செலவு."

இப்படிச் சொன்ன ஐயாவுக்கு: ஓட்டை விழுந்த தார்ப்பாய்க்கு டக்ட் டேப் சரி, ஜன்னலுக்கு இல்லை. அதன் பசை தடிமனானது. வெயிலில் இளகினால், உரிக்கும்போது டேப் கையோடு வரும், பசை சட்டத்தில் தங்கும். பழைய பெயின்டையும் பெயர்த்துவிடும்.

அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஓரத்தை விரலால் அழுத்தித் தேயுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் அடியில் கசியும். கடைசிப் பூச்சு முழுதாகக் காய்வதற்குள், டேப்பை அதன்மேலேயே பின்னோக்கி மடித்து மெதுவாக இழுங்கள். காய்ந்தபின் இழுத்தால் பெயின்ட் படலமும் சேர்ந்து கிழியும். வாரக்கணக்கில் விட்டால் இந்த டேப்பும் லேசில் வராது.

பேக்கிங் டேப் போதும் என்றவர் சொன்னது அட்டைப்பெட்டி வரை சரி. பெயின்ட் அடிக்கும்போது மறைக்க ஒட்டினால், ஜன்னல் ஓரத்துக்கு அது வளைந்து கொடுக்காது.

இரட்டைப் பக்க டேப்பில் மாட்டிய படம் விழுந்ததாகச் சொன்ன அக்காவுக்கு: சுண்ணாம்புச் சுவரில் டேப் பிடிப்பது மேல்தூளைத்தான். விழுந்த டேப்பின் பின்புறம் வெள்ளையாக இருக்கிறதா, பாருங்கள். இருந்தால் ஆணிதான் வழி. எமல்ஷன் சுவரென்றால் படத்தின் எடை தெரியாமல் சொல்ல முடியாது.